முப்பத்தாறு பேரின் தேவிகுளம்

மாநிலம் முழுவதற்கும் பிழை ஒன்றரை சதவீதம்கூட இல்லை. அங்குள்ள தமிழர்களுக்கு மட்டும் பதினொரு சதவீதம். ஒரே கணிப்பு, ஒரே கேள்வி. பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

கேரளத்தில் சட்டமன்றத் தேர்தல் நெருங்கிவிட்டால் மூணாறு கடைவீதியில் காலை டீயோடு கருத்துக் கணிப்பும் வந்துவிடும். தொலைக்காட்சியில் வண்ண வண்ணப் பட்டைகள் ஏறி இறங்கும். எந்த அணிக்கு எத்தனை சதவீதம், எத்தனை இடம் என்று ஒருவர் சொல்ல, நான்கு பேர் மறுப்பார்கள். திரையின் அடியில் பொடி எழுத்தில் இத்தனை ஆயிரம் பேரிடம் கேட்டது, பிழை வரம்பு இவ்வளவு என்று ஒரு வரி ஓடும். அதை யாரும் படிப்பதில்லை. பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் கேட்கும் கேள்வி வேறு: "எங்க லயத்துல ஒருத்தரையும் கேக்கல. பக்கத்து எஸ்டேட்லயும் கேக்கலயாம். அப்புறம் எங்க ஓட்டு இவங்களுக்கு எப்படிங்க தெரியுது?"

இந்தக் கேள்வியில் பாதி தவறு, பாதி சரி. கேரளம் முழுவதும் எந்தப் பக்கம் சாய்கிறது என்று அறிய அந்த லயத்துக்குப் போக வேண்டியதில்லை. சில ஆயிரம் பேரை ஒழுங்காகத் தேர்ந்தெடுத்துக் கேட்டாலே போதும். இது தவறான பாதி. ஆனால் அதே கணிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, 'தோட்டத் தொழிலாளர்கள் இந்த அணியைக் கைவிடுகிறார்கள்', 'தமிழர்களின் ஆதரவு அந்தப் பக்கம் போகிறது' என்று ஒருவர் பேச ஆரம்பித்தால், டீக்கடைக்காரரின் கேள்விதான் உலகத்திலேயே சரியான கேள்வி. எங்களில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்?

விடை பெரும்பாலும் சங்கடமானது. கேரளத்தில் 140 தொகுதிகள். வாக்காளர்கள் 2021இல் சுமார் 2.7 கோடிப் பேர். ஒரு கணிப்பில் 5,040 பேரைக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். தொகுதிக்குச் சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 36. தேவிகுளத்தின் பங்கும் அதுதான். மூணாறின் தேயிலைத் தோட்டங்கள், மறையூர், காந்தளூர், வட்டவடை, மலையாள விவசாயிகள் நிறைந்த அடிமாலி, வெள்ளத்தூவல், முதுவான் பழங்குடியினரின் இடமலக்குடி என்று விரிந்து கிடக்கும் ஒரு தொகுதிக்கு முப்பத்தாறு பேர். ஒரு டிரிப் ஜீப்புகள் மூன்றில் அடங்கிவிடும் கூட்டம்.

முப்பத்தாறு பேர் போதாது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் ஏன் போதாது என்று கேட்டால், பலரும் சொல்லும் காரணம் தவறாக இருக்கும். 'ஒன்றரை லட்சத்துக்கும் அதிகமான வாக்காளர்களில் 36 பேரை மட்டும் கேட்டால் எப்படி?' என்பார்கள். அப்படியானால் 2.7 கோடியில் 5,040 மட்டும் எப்படிப் போதும்? கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒரே விகிதம்தான்: சுமார் ஐயாயிரம் பேருக்கு ஒருவர். விகிதம் ஒன்றே. நம்பகத்தன்மை மட்டும் பூமிக்கும் வானத்துக்குமான தூரம். ஆக, எத்தனையில் எத்தனை என்பது பிரச்சினை இல்லை. எத்தனை பேர் என்பது மட்டுமே பிரச்சினை.

இதைத் தேயிலைத் தொழிற்சாலைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து கொழுந்து வந்து இறங்கியதும், அதில் இரண்டு இலை ஒரு மொட்டு என்ற நல்ல கொழுந்து எவ்வளவு, முற்றிய இலை எவ்வளவு என்று பார்ப்பார்கள். மூட்டை மூட்டையாக எண்ணுவதில்லை. அங்கங்கே கைவிட்டு எடுத்த கொழுந்தைப் பரப்பி, பிரித்து, நூற்றுக்கு இத்தனை என்று குறித்துக்கொள்வார்கள். வந்தது ஆயிரம் கிலோவா பத்தாயிரம் கிலோவா என்பதைப் பற்றி அவர்கள் அதிகம் கவலைப்படுவதில்லை. நன்றாகக் கலந்து எடுத்தார்களா, போதுமான அளவு எடுத்தார்களா என்பதே கேள்வி. ஆனால் எல்லா டிவிஷன் கொழுந்தையும் கலந்து எடுத்த ஒரு கைப்பிடியை வைத்து, 'இந்த ஒரு டிவிஷன்காரர்கள் முற்றிய இலையைப் பறிக்கிறார்கள்' என்று ஒரு மேற்பார்வையாளர் சொன்னால் தோட்டத்தில் சண்டை வரும். அந்தக் கைப்பிடியில் அந்த டிவிஷனின் இலை நாலைந்துதான் இருக்கும். மற்ற இலைகள் மற்ற டிவிஷன்களைப் பற்றிப் பேசுமே தவிர, இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது.

கருத்துக் கணிப்பிலும் அதேதான். கேட்கப்பட்ட 5,040 பேரில் 5,004 பேர் தேவிகுளத்துக்கு வெளியே இருக்கிறார்கள். கேரளத்தைப் பற்றிச் சொல்ல அவர்கள் உதவுவார்கள். தேவிகுளத்தைப் பற்றிச் சொல்ல முப்பத்தாறே பேர்.

சரி, பிழை எவ்வளவு? ஒரு ரூபாய் நாணயம் போதும், பார்த்துவிடலாம். ஒரு தொகுதியில் இரண்டே அணிகள், ஆதரவு சரிபாதி என்று வைத்துக்கொள்வோம். கண்ணை மூடிக்கொண்டு 36 பேரைத் தேர்ந்தெடுப்பதும் நாணயத்தை 36 தடவை சுண்டுவதும் ஒன்றுதான். சரியாக 18 பூ, 18 தலை விழுவது அபூர்வம். 15 விழலாம், 21 விழலாம். இந்த விளையாட்டை நூறு தடவை ஆடினால், ஏறக்குறைய 95 தடவை விடை 12க்கும் 24க்கும் இடையில் இருக்கும். அதாவது பதினெட்டிலிருந்து ஆறு கூடலாம், ஆறு குறையலாம். முப்பத்தாறில் ஆறு என்பது நூற்றுக்கு ஏறக்குறைய பதினேழு. புள்ளியியல்காரர்கள் 'பிழை வரம்பு' என்று சொல்வது இதைத்தான்.

இப்போது நாணயத்தை 5,040 தடவை சுண்டலாம். 2,520 விழ வேண்டும். நூற்றுக்கு 95 தடவை அதிலிருந்து 70 கூடும் அல்லது குறையும் எல்லைக்குள் விடை நிற்கும். கவனிக்க வேண்டிய இடம் இது. சுண்டியது 140 மடங்கு அதிகம். அதிர்ஷ்டத்தால் வந்த விலகலும் பெருகத்தான் செய்தது. ஆனால் ஆறிலிருந்து எழுபதாக, சுமார் 12 மடங்குதான். ஏனென்றால் கூட்டம் பெரிதாகும்போது இந்தப் பக்கம் விழுந்த தற்செயலை அந்தப் பக்கம் விழுந்த தற்செயல் பெரும்பாலும் அடித்துவிடும். மிஞ்சுவது கொஞ்சம். 5,040இல் 70 என்பது நூற்றுக்கு 1.4. சிறு கூட்டத்தில் அப்படி அடித்துக்கொள்ள ஆள் இல்லை. நான்கு பேர் தற்செயலாக ஒரே பக்கம் வந்து சேர்ந்தால் அந்த நான்கு பேர் அப்படியே நிற்பார்கள். முப்பத்தாறில் நான்கு என்பது பதினொரு சதவீதம்.

140க்கு 12 என்பது வர்க்கமூலம். பிழை வரம்பு ஆட்களின் எண்ணிக்கையோடு நேராகக் குறைவதில்லை, அதன் வர்க்கமூலத்தோடு குறைகிறது. இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றதை மனக்கணக்காகவே போடலாம். 98ஐ ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்தால் பிழை வரம்பு கிடைத்துவிடும். நூறு பேர் என்றால் வர்க்கமூலம் பத்து, பிழை வரம்பு ஏறக்குறைய 10 சதவீதம். நானூறு பேர் என்றால் 5. பிழையைப் பாதியாக்க வேண்டுமானால் ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும். திருப்பிச் சொன்னால், கணிப்பில் பாதிப் பேரான பெண்களை மட்டும் தனியே எடுத்தால் பிழை இரு மடங்காகாது, 1.4இலிருந்து 2 ஆகும், அவ்வளவுதான். பெரிய பிரிவுகளுக்கு இதனால் ஆபத்து குறைவு. சிறிய பிரிவுகள்தான் மாட்டிக்கொள்கின்றன.

கேரளத் தமிழர்கள் அப்படி மாட்டிக்கொள்ளும் பிரிவு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் ஐந்து லட்சம் பேர். மாநிலத்தில் நூற்றுக்கு ஒன்றரைப் பேர். 5,040 பேரில் ஒன்றரை சதவீதம் என்றால் 75 பேர். பிழை வரம்பு 11 சதவீதத்துக்கும் சற்று மேல். மாநிலத்துக்கான பிழையைப் போல எட்டு மடங்கு. ஆனால் திரையின் அடியில் ஓடும் வரியில் இருப்பது 1.4 மட்டுமே. அந்த எண், அட்டவணையின் எல்லாக் கட்டங்களுக்கும் பொருந்தும் என்று பார்ப்பவர் நம்பிவிடுகிறார்.

2021 தேர்தல் இதைச் சோதித்துப் பார்க்க நல்ல வாய்ப்பு. அந்த ஆண்டு மாநிலத்தில் இடது முன்னணி 45.4 சதவீத வாக்கும் காங்கிரஸ் தலைமையிலான முன்னணி 39.5 சதவீத வாக்கும் பெற்றன. இந்த இரு அணிகளின் வாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு 53.5 பேர் இடது பக்கம். தேவிகுளத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ. ராஜா 59,049 வாக்குகள் பெற்றார், காங்கிரசின் டி. குமார் 51,201. வித்தியாசம் 7,848. இங்கேயும் இருவரின் வாக்குகளை மட்டும் எடுத்துக்கொண்டால், ராஜாவின் பங்கு நூற்றுக்கு 53.6. தற்செயலாக இரண்டு போட்டிகளும் ஒரே எடை. மாநிலத்தில் ஜெயித்த அளவுக்கே தொகுதியிலும் ஜெயித்தார்கள்.

இப்போது ஒழுங்காக நடத்தப்பட்ட ஒரு கணிப்பு இந்த இரண்டையும் எப்படிப் பார்த்திருக்கும்? மாநிலத்தில் இரு அணிகளையும் ஆதரிக்கும் நாலாயிரத்துச் சொச்சம் பேர் மாதிரியில் இருப்பார்கள். 53.5இலிருந்து ஒன்றரை சதவீதம் இப்படியோ அப்படியோ விலகினாலும் முன்னணியில் இருப்பது யார் என்பதில் குழப்பம் வராது. தேவிகுளத்தின் 36 பேரும் இந்த இருவரில் ஒருவரையே ஆதரிப்பதாக வைத்துக்கொண்டால்கூட, ராஜா பக்கம் எதிர்பார்க்க வேண்டியவர்கள் 19, குமார் பக்கம் 17. இரண்டு பேர் இடம் மாறினால் கதை தலைகீழ். கணக்கிட்டுப் பார்த்தால், இப்படிப்பட்ட 36 பேர் கொண்ட மாதிரிகளில் நூற்றுக்குச் சுமார் 28, தோற்றவர் ஜெயிப்பார் என்று சொல்லும். இன்னும் 12 சரிசமம் என்று கைவிரிக்கும். யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருத்தவில்லை, கேள்வி கேட்டவர் சோம்பேறி இல்லை. ஆனாலும் நாற்பது தடவை சரியான விடை வராது. மாநிலத்தில் துல்லியமாக இருந்த அதே கணிப்பின் கதி இது.

தேவிகுளத்தில் அந்த வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல எத்தனை பேரைக் கேட்டிருக்க வேண்டும்? பிழை வரம்பு 3.56 சதவீதத்துக்குள் வர வேண்டும். அதற்குக் குறைந்தது 760 பேர் வேண்டும். எல்லாத் தொகுதிக்கும் அப்படியே செய்வதென்றால் ஒரு லட்சத்து ஆறாயிரம் பேர். எந்தத் தொலைக்காட்சியும் அந்தச் செலவுக்கு ஒத்துக்கொள்ளாது. அதனால்தான் கணிப்பாளர்களில் பொறுப்பானவர்கள் தொகுதிவாரியாக ஜோசியம் சொல்வதில்லை.

இடைவெளியில் ஏற்படும் ஏமாற்றமும் ஒன்று உண்டு. ஜனவரியில் ஒரு கணிப்பு, மார்ச்சில் இன்னொன்று என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 75 தமிழர்களில் 43 பேர் ஓர் அணியை ஆதரிக்கிறார்கள்: 57 சதவீதம். இரண்டாவதில் வேறு 75 பேர். அதில் 32 பேர் அதே அணிக்கு: 43 சதவீதம். 'இரண்டு மாதத்தில் தமிழர் ஆதரவு 14 சதவீதம் சரிவு' என்று தலைப்பு தயார். விவாத மேடை போட்டு, சரிவுக்குக் காரணம் கூலியா, பட்டாவா, வேட்பாளரா என்று ஒரு மணி நேரம் பேசலாம். உண்மையில் மாறியது 11 பேர். இரண்டு சிறிய கணிப்புகளை ஒப்பிடும்போது இரண்டின் பிழையும் சேர்ந்துகொள்ளும். இந்த ஒப்பீட்டில் பிழை வரம்பு 16 சதவீதம். ஒரு தமிழர்கூட மனம் மாறாமலேயே இந்த 'சரிவு' வந்திருக்கலாம். காரணம் சொன்னவர்கள் எல்லாம் நாணயம் விழுந்த விதத்துக்குக் காரணம் சொன்னவர்களே.

இதுவரை சொன்னது ஏட்டுக் கணக்கு. களத்தில் நிலைமை இதைவிட மோசம். யாரும் தொகுதிக்கு 36 பேர் என்று 140 தொகுதிகளுக்கும் ஆள் அனுப்புவதில்லை. தில்லியில் உள்ள வளர்ச்சி சமூகங்கள் ஆய்வு மையத்தின் லோக்நிதி போன்ற அமைப்புகள் செய்யும் முறை வேறு. முதலில் சில தொகுதிகள், அவற்றுள் சில வாக்குச்சாவடிகள், பிறகு அந்தச் சாவடியின் வாக்காளர் பட்டியலிலிருந்து சம இடைவெளியில் பெயர்கள் என்று படிப்படியாகத் தேர்வு நடக்கும். செலவைக் கட்டுப்படுத்த நல்ல வழி. மாநில அளவில் பெரிய பாதகம் இல்லை. ஆனால் தமிழர்கள் மாநிலம் முழுக்கச் சமமாகத் தூவப்பட்டவர்கள் அல்ல. இடுக்கியின் மலைத் தோட்டங்களிலும் பாலக்காட்டின் சித்தூர், அட்டப்பாடி பக்கங்களிலும் திருவனந்தபுரத்தின் தெற்கு ஓரத்திலுமாகக் கொத்துக் கொத்தாக இருக்கிறார்கள். 40 தொகுதிகளைத் தேர்ந்தெடுத்தால் அதில் தேவிகுளம் வருவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்கும் குறைவு. வராவிட்டால் 36 இல்லை, பூஜ்யம். வந்தால் நான்கு சாவடிகளில் சாவடிக்கு 30 வீதம் 120 பேர். அந்த நான்கும் அடிமாலிப் பக்கம் அமைந்தால் தமிழர் கணக்கு ஒரு வழி. தோட்டத்துக்குள் அமைந்தால் இன்னொரு வழி. மாநிலக் கணிப்பில் 75 தமிழர்கள் என்பது சராசரிக் கணக்கு. கையில் வருவது 20 ஆகவும் இருக்கலாம், 150 ஆகவும் இருக்கலாம்.

அந்த 120 பேரும் உண்மையில் 120 பேருக்குச் சமமில்லை. ஒரே எஸ்டேட், ஒரே லயம், ஒரே தொழிற்சங்கம், ஒரே கோயில் திருவிழா என்று வாழ்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி யோசிக்க இடமுண்டு. முதல் ஐந்து பேரைக் கேட்டபோதே அந்தச் சாவடியின் போக்கு தெரிந்துவிட்டால், மீதி 25 பேர் புதிதாக அதிகம் சொல்லப் போவதில்லை. ஒரு சாவடிக்குள் இப்படி ஓரளவு ஒற்றுமை இருந்தாலே 120 பேர் 50 பேருக்குச் சமமாகிவிடுவார்கள். ஒற்றுமை கூடக்கூட இன்னும் குறைவு. 98ஐ வர்க்கமூலத்தால் வகுக்கும் சூத்திரம் இந்த இடத்தில் உண்மையான பிழையைக் குறைத்தே காட்டும்.

பிரிவு சிறியதாகிவிட்டது என்று தெரிந்ததும் சிலர் ஒரு குறுக்கு வழியைப் பார்ப்பார்கள். மாதிரியில் 75 தமிழர்கள் இருக்க வேண்டியது, 40 பேர்தான் சிக்கினார்கள் என்றால், அவர்கள் ஒவ்வொருவரின் பதிலையும் கிட்டத்தட்ட இரண்டாகக் கணக்கிடுவார்கள். எடை போடுதல் என்று இதற்குப் பெயர். மாநில மொத்தத்தில் தமிழர் பங்கு சரியாக அமைய இது தேவைதான். ஆனால் 40 பேரின் பதிலை இரண்டால் பெருக்கினால் 80 பேர் பேசியதாக ஆகாது. நாற்பது பேரே இரண்டு தடவை பேசியதாக ஆகும். அவர்களின் பிழை வரம்பு 15 சதவீதத்துக்கு மேலேயே நிற்கும்.

2016 அமெரிக்க அதிபர் தேர்தலில் இந்தக் குறுக்கு வழி ஊரறிய அம்பலமானது. தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகமும் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் பத்திரிகையும் சேர்ந்து சுமார் 3,000 பேரைத் தொடர்ந்து கேட்டு வந்தன. அதில் இல்லினாய் மாநிலத்தைச் சேர்ந்த 19 வயதுக் கறுப்பின இளைஞர் ஒருவர். இள வயது, கறுப்பர், ஆண் என்ற பிரிவில் ஆள் குறைவாக இருந்ததால் அவருக்குச் சராசரி மனிதரைப் போல 30 மடங்கு எடை தரப்பட்டது. அவர் டிரம்ப்பின் ஆதரவாளர். அவர் பதில் சொன்ன வாரங்களில் கறுப்பரிடையே டிரம்ப்பின் ஆதரவு திடீரென எகிறியது. அவர் பதில் சொல்லாத வாரத்தில் இறங்கியது. நாடு முழுவதற்குமான முடிவைக்கூட ஒரு சதவீதம் போல அசைத்தார். ஒரு தனி இளைஞரின் மனநிலை ஓர் இனத்தின் அரசியல் போக்காகத் திரையில் தெரிந்தது. அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதைக் கண்டுபிடித்து எழுதிய பிறகே வெளியுலகுக்குத் தெரிந்தது.

மூணாறில் இதன் மறுபக்கத்தைப் பார்க்கலாம். 2015 செப்டம்பர். கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளாண்டேஷன்ஸ் கம்பெனி போனசைப் பத்து சதவீதமாகக் குறைத்தபோது, கொழுந்து எடுக்கும் பெண்கள் இருபது சதவீதம் கேட்டுக் கடைவீதியில் உட்கார்ந்தார்கள். கம்பெனியை மட்டும் அல்ல, தங்கள் பெயரில் பேசி வந்த எல்லாத் தொழிற்சங்கங்களையும் ஒதுக்கிவைத்தார்கள். 'பெம்பிளை ஒருமை' என்று பெயர் வந்தது. அன்றைய செய்திகளின்படி ஆறாயிரம் பெண்கள் வரை கலந்துகொண்டார்கள். ஒன்பது நாளில் கேட்ட இருபது சதவீதம் கிடைத்தது. அரசு, கட்சிகள், சங்கங்கள் எல்லோரும் திகைத்துப் போனார்கள்.

அதற்கு ஒரு மாதம் முன்பு 5,040 பேரிடம் கருத்துக் கணிப்பு நடத்தியிருந்தால் தெரிந்திருக்குமா? ஐயாயிரம் சொச்சத்துக்கு ஒருவர் என்பது கணக்கு. ஆறாயிரம் பெண்களுக்கு மாதிரியில் கிடைக்கும் இடம் ஒன்று. அந்த ஒரு பெண் கோபமாகப் பேசியிருந்தாலும், 'பிற' என்ற கட்டத்தில் ஒரு கோடாக முடிந்திருக்கும். மாநிலக் கணிப்பின் கண்ணாடியில் அவர்கள் இல்லாதது யாருடைய சதியும் அல்ல. அந்தக் கண்ணாடி அவ்வளவு சிறியதைப் பார்க்கச் செய்யப்படவில்லை. தப்பு நேர்வது, அந்தக் கண்ணாடி வழியாகவே அவர்களைப் பார்த்துவிட்டதாகச் சொல்லும்போது.

2016 தேர்தல் வந்தபோது பலரும் அந்தப் போராட்டத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள். போராட்டத்தின்போது பெண்களின் எதிர்ப்பைச் சந்தித்த மார்க்சிஸ்ட் எம்.எல்.ஏ. எஸ். ராஜேந்திரனே 5,782 வாக்கு வித்தியாசத்தில் மீண்டும் ஜெயித்தார். அ.தி.மு.க. வேட்பாளர் தனலட்சுமி 11,613 வாக்குகள் பெற்றார். ஜெயித்தவரின் வித்தியாசத்தைப் போல இரண்டு மடங்கு. அந்த வாக்குகள் யாரிடமிருந்து போயின, போராடிய பெண்கள் எந்தப் பொத்தானை அழுத்தினார்கள் என்பது தேர்தல் முடிவிலும் இல்லை. தொகுதியின் ஒரு பிரிவைத் தனியாகத் தெரிந்துகொள்ள, அந்தப் பிரிவிலேயே போதுமான பேரைத் தனியாகத்தான் கேட்டாக வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. தமிழர்களைப் பற்றி அறிய விரும்பும் கணிப்பாளர், மாநில மாதிரியோடு தோட்டப் பகுதிகளில் மட்டும் கூடுதலாக ஒரு 400 பேரைக் கேட்கலாம். பிழை ஐந்து சதவீதத்துக்கு வரும். ஒரே லயத்தில் மொத்தமாகக் கேட்காமல் பல எஸ்டேட்களில் பிரித்துக் கேட்டால் பெரும்பாலும் அந்த அளவிலேயே நிற்கும். தமிழரைப் பற்றிப் பேசும்போது அத்தனை பேரையும் வைத்துப் பேசலாம். மாநில மொத்தத்தைச் சொல்லும்போது மட்டும் அவர்களின் எடையை ஒன்றரை சதவீதத்துக்கு இறக்கிவிட வேண்டும். செலவு கூடும், அவ்வளவுதான். அதைச் செய்ய மனமில்லாவிட்டால் அந்தக் கட்டத்தைக் காலியாக விடுவது கௌரவம். ஆட்கள் நூறு பேருக்குக் குறைந்தால் அந்தப் பிரிவின் சதவீதத்தை வெளியிடாமல் விட்டுவிடும் வழக்கம் நல்ல கணிப்பாளர்களிடம் உண்டு.

இத்தனை செய்தாலும் பிழை வரம்பு சொல்வது தற்செயலால் வரும் பிழையை மட்டுமே. பகலில் கேள்வித்தாளோடு வருபவரைச் சந்திக்கக் கொழுந்துக்காட்டில் இருக்கும் பெண் லயத்தில் இருக்கமாட்டார். கேள்வி மலையாளத்தில் இருந்தால் பாதி புரியாமல் தலையாட்டுவார்கள். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றால் பதிலே வேறாகிவிடும். ஆட்களை எத்தனை மடங்கு கூட்டினாலும் இந்தக் கோளாறுகள் குறையாது. வர்க்கமூலத்துக்கு இவற்றின் மேல் அதிகாரம் இல்லை.

எண்களால் தங்கள் தலைவிதி பேசப்படுவது தேவிகுளத்துக்குப் புதிதல்ல. மாநிலங்களைப் பிரிக்க அமைந்த கமிஷன் 1955இல் அறிக்கை தந்தபோது, இந்தத் தாலுகாவில் தமிழ் பேசுவோர் பெரும்பான்மை என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவர்களில் எத்தனை பேர் இங்கேயே நிலைத்தவர்கள், எத்தனை பேர் வந்து போகிறவர்கள் என்று கேட்டது. 1956 நவம்பர் 1 அன்று தேவிகுளம் கேரளத்தோடு போனது. அன்று நடந்த சர்ச்சை சரியா தப்பா என்பது வேறு கதை. குறைந்தபட்சம் அன்று கையில் இருந்தது வீடுவீடாகத் தலையெண்ணிய கணக்கு.

இன்று திரையில் ஏறி இறங்கும் பட்டைகளுக்குப் பின்னால் அதுவும் இல்லை. அதனால் டீக்கடை பெஞ்சில் கேட்ட கேள்வியைச் சற்றே திருத்திக் கேட்டால் போதும். 'எங்களைக் கேட்டீர்களா' என்பதை விட்டுவிட்டு, 'எங்களில் எத்தனை பேரைக் கேட்டீர்கள்' என்று கேட்க வேண்டும். விடை வந்தால், 98ஐ அதன் வர்க்கமூலத்தால் வகுக்க ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகாது. விடை வராவிட்டால், அந்தக் கட்டத்தில் எழுதியிருப்பது தேவிகுளத்தைப் பற்றியது அல்ல என்று வைத்துக்கொள்ளலாம்.